இருபத்தாறாம் தேதியிலிருந்து எண்ணினேன்

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷங்களில் எனக்கு வேலை இருந்தது. அந்தக் காலத்தில் அதுவே ஒரு பெருமை. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தோட்டங்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ஒரு கம்பெனி ஆபீஸில் நான் சின்னக் கிராணி; குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வோம். எனக்கு இருபத்து நாலு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கையெழுத்து அச்சுப் போல இருக்கும், தலையில் கனம் மட்டும் கொஞ்சம் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தேன். அங்கிருந்து ஆபீஸுக்குக் கால் மணி நேர நடை. ஆகவே நான் ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை. அதைக்கூட என் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; வீடு பக்கத்தில் இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் வருகைப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிராணியை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு பெரிய பக்கம். இடது ஓரத்தில் பெயர்கள், மேலே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதிக் கட்டங்கள். வருகிறவர் தன் கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். எட்டு மணிக்கு ஆபீஸ். பத்து நிமிஷம் சலுகை. எட்டு பத்துக்கு நான் புத்தகத்தை மூடி என் மேஜைக்குக் கொண்டுவந்துவிடுவேன். அதற்கப்புறம் வருகிறவர் என் முன்னால் நின்று கையெழுத்துப் போடவேண்டும், பக்கத்தில் நான் சிவப்பு மையில் ஒரு குறி போடுவேன்.

மூன்று குறி சேர்ந்தால் அரை நாள் விடுப்பு போனதாகக் கணக்கு. விடுப்பு மீதி இருக்கிறவருக்கு அதில் அரை நாள் குறையும். வருஷ விடுப்பைத் தீர்த்துவிட்டவருக்கு அரை நாள் சம்பளம் வெட்டு.

இதை ஆபீஸில் எல்லோரும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். சட்டத்தை எழுதினவரைவிட அதற்குக் கீழே இருக்கிறவனுக்குத்தான் சட்டம் நன்றாகத் தெரியும். இரண்டு குறி வாங்கினவர், மூன்றாவது நாளும் எட்டு பத்தைத் தாண்டிவிட்டது என்று ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், ஓடி வரமாட்டார். எப்படியும் அரை நாள் போகப்போகிறது, அப்புறம் எதற்கு ஓடுவது? எதிரே இருந்த கோப்பிக் கடையில் நிதானமாக உட்கார்ந்து, மத்தியானம் வந்து, அரை நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். காலை பத்து மணிக்கு அந்தக் கடையில் எங்கள் ஆபீஸ் ஆள் யாராவது காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படிப்பதைப் பார்த்தால், அவருக்கு அது மூன்றாவது தடவை என்று அர்த்தம். அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பெரிய கிராணிக்கும் தெரியும்.

தபால் கட்டு என்று நாங்கள் சொல்லும் தபால் பிரிவில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிப்பது, ரப்பர் மாதிரித் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தைத்து அரக்கு வைப்பது, எல்லாவற்றையும் தபாலாபீஸுக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. மூத்தவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவர் மனைவிக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் குடிவர முடியாது. இங்கிலீஷ் எழுத்துக்கள் அவருக்குத் தெரியும், முகவரி படிக்க அது போதும். ஒரு முழுக் காகிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளமாட்டார். கையெழுத்தைத் தமிழில், குண்டு குண்டாக, கட்டத்தை விட்டு வெளியே வராமல் போடுவார். நான் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன்.

இன்னொருவர் ரவாங்கிலிருந்து வருபவர், மீசைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கிள்ளான் ரயில் நேரத்துக்கு வந்தால் எட்டு மணிக்கு அண்ணன் தன் இடத்தில் இருப்பார். சரக்கு வண்டிக்கு வழி விட்டு எங்காவது நின்றுவிட்டால் தொலைந்தது. அன்றைக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஓடி வருவார். அந்த வருஷம் தொடக்கத்தில் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டிருந்தார். இனி ஒரு அரை நாள் போனாலும் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அதனால் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நாளைக் கழித்தார்.

எங்கள் சம்பளப் பட்டியலை மாதம் இருபத்தைந்தாம் தேதியோடு முடித்துவிடுவோம். பெரிய கிராணி சரிபார்க்கவேண்டும், வெள்ளைக்கார துரை கையெழுத்துப் போடவேண்டும், பேங்கிலிருந்து பணம் வரவேண்டும். மாதக் கடைசி நாளில் சம்பளம். ஆகவே சம்பளத்துக்காக, ஆள் வேலைக்கு வராத நாளைக் கணக்குப் பார்க்கும்போது, போன மாதம் இருபத்தாறிலிருந்து இந்த மாதம் இருபத்தைந்து வரை பார்ப்போம். இது சரியான வழக்கம்தான். தப்பு என்னுடையது. நான் முதல் தடவை பட்டியல் போட உட்கார்ந்தபோது சிவப்புக் குறிகளையும் அதே போல இருபத்தாறிலிருந்து எண்ணினேன்.

அண்ணனுக்குப் போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி ஒரு குறி. இந்த மாதம் ஆறாம் தேதி ஒன்று, பதினெட்டாம் தேதி ஒன்று. மூன்று! எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்று சொன்னால் இப்போது நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. பக்கத்தைப் புரட்டிப் பழைய மாதத்தையும் சேர்த்துப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு பக்கம் என்று புத்தகம் ஏன் அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்று யோசிக்கவில்லை. பதினெட்டாம் தேதி அவர் கோப்பிக் கடையில் உட்காராமல் மூச்சிரைக்க ஓடி வந்தாரே, அது ஏன் என்றும் யோசிக்கவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அரை நாள் வெட்டு என்று அழகாக எழுதினேன். பெரிய கிராணி கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்தார், குறிகளை எண்ணவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன்.

சம்பள நாளில் பெரிய கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். வெட்டு இருந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி காரணத்தையும் சொல்வார். மற்றவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று. "அரை நாள் வெட்டு. லேட்டு" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, நேராக என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டுதானே ஆச்சு? ஆறாந்தேதி ஒண்ணு, பதினெட்டு ஒண்ணு."

"போன மாசம் இருபத்தொம்பது?"

"அது போன மாசத்தோட போச்சில்ல?"

"போகாதுண்ணே. நம்ம கணக்கு இருபத்தாறுல ஆரம்பிக்குது. சம்பள மாசம் வேற, காலண்டர் மாசம் வேற."

புத்தகத்தைத் திறந்து, பென்சில் முனையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக் காட்டினேன். சின்னப் பையனுக்குச் சொல்வது போல, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி இரண்டு தடவை சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தான் அறியாமல் ஒரு தப்பு செய்துவிட்ட ஆளின் முகம்.

"பத்து வருஷமா நான் தப்பாவே எண்ணிட்டு இருந்திருக்கேன் பாருங்க" என்றார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. முந்தி இருந்தவரு இதெல்லாம் பார்க்கமாட்டாரு போல."

நான் தலையை ஆட்டிக்கொண்டேன். முந்தி இருந்தவரைவிட நான் கெட்டிக்காரன் என்று அவரும் ஒத்துக்கொண்டதாக எனக்குப் பட்டது.

அடுத்த மாதம் பாதியில், தபால் கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த, லேட்டு விதி சொல்லும் பழைய இங்கிலீஷ் ஆபீஸ் உத்தரவு ஈரத்தில் ஊறிக் கிழிந்துவிட்டது. அதைப் புதிதாக டைப் அடித்து ஒட்டச் சொல்லிப் பெரிய கிராணி என்னிடம் கொடுத்தார். அதுவரை நான் அதை முழுதாகப் படித்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைப் படிப்பானேன்? டைப் மெஷினில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒரே காலண்டர் மாதத்துக்குள் மூன்று தடவை தாமதமாக வந்தால் என்று இருந்தது. அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஒரே காலண்டர் மாதத்துக்குள். மாதம் முடிந்தால் குறிகளும் முடிந்தன. ஒன்றாம் தேதி எல்லோரும் சுத்தமான கட்டத்தோடு ஆரம்பிக்கிறார்கள். அந்தக் குண்டு எழுத்துக்காரர் எண்ணியதுதான் சரி. பத்து வருஷமும் சரி.

எழுந்து போய்ப் பெரிய கிராணியிடம் சொல்லவேண்டியது இரண்டே வார்த்தை: "தப்பா எண்ணிட்டேன்." அடுத்த பட்டியலில் அந்த அரை நாளைத் திருப்பிச் சேர்த்துவிடலாம், அப்படிச் சேர்ப்பதும் வழக்கம்தான். ஆனால் துரை கையெழுத்துப் போட்ட பட்டியலில் தப்பு என்றால், யார் போட்டது என்று கேட்பார். அந்த நாட்களில் ஆபீஸில் யார் பெயரும் துரை காதில் விழக்கூடாது என்று எல்லோரும் பம்மிக்கொண்டிருந்தோம். மாதக் கடைசியில் பட்டியல் போடும்போது சொல்லிக்கொள்ளலாம், அதோடு அதாகப் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உத்தரவைச் சுத்தமாக அடித்து, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினேன். அண்ணன் அதற்குக் கீழேதான் தினமும் பொட்டலம் தைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பெரிய கிராணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தபால் கட்டுல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டார் துரை. கடைசியா வந்தவனைத்தான் அனுப்பணும், ரவாங்காரனை. ஆனா துரை, இந்த வருஷம் லேட்டுக்காகச் சம்பளம் வெட்டினது யாருக்குன்னு முதல்ல பாருன்னு சொல்றார். அப்படி ஆள் இருந்தா அவனைத்தான் அனுப்பணுமாம். பார்த்துச் சொல்லு."

பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினேன். ரவாங்காரருக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கங்கே குறிகள் இருந்தன. எந்த மாதத்திலும் மூன்று ஆகவில்லை. ஒரு தடவை ஆகப்போனபோது மத்தியானம் வந்து அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்திருந்தார். வெட்டு ஒருவருக்குத்தான். அந்தப் பெயரைச் சொன்னேன்.

பெரிய கிராணி பேனாவை மேஜையில் வைத்தார். "அவனா? பழைய ஆளாச்சே. பொட்டலம் கட்டினா அவன் கட்டணும். நீ சரியாப் பார்த்தியா?"

இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். அவருக்கே அந்த மனிதரை அனுப்ப மனசில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார். என்னைத் திட்டியிருப்பார். துரையிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். மிஞ்சிப் போனால் என் வேலை போயிருக்கும். எனக்கு அப்போது பிள்ளை குட்டி இல்லை. கைக்குழந்தையோடு கிள்ளானில் இருக்கிறவரை நினைத்துப் பார்க்கவேண்டியவன், என் கையெழுத்தையும் நல்ல பெயரையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"பார்த்தேன் சார். மூணு இருக்கு" என்றேன்.

பொய்கூட இல்லை பாருங்கள். மூன்று இருந்தன. இரண்டு பக்கத்தில் இருந்தன என்று மட்டும் சொல்லவில்லை. இப்படி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பயத்தில் உளறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உளறுகிறவன் அவ்வளவு அளந்து பேசமாட்டான்.

மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லி அவருக்குக் காகிதம் கொடுத்தார்கள். காகிதத்தை டைப் அடித்ததும் நான்தான். காரணம் இரண்டு வரி: ஆட்குறைப்பு, வருகையில் ஒழுங்கின்மை. அவர் அதை என்னிடமே கொண்டுவந்து, "என்ன போட்டிருக்கு தம்பி?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். இரண்டாவது வரியைத் தமிழில் சொல்லும்போது குரல் கம்மியது. எனக்குச் சளி என்று அவர் நினைத்தாரோ என்னவோ, "மழையில நனையாதீங்க" என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் அவர் ஒரு நிமிஷம்கூட லேட்டாக வரவில்லை. வழக்கமான ரயிலை நம்பாமல், அதற்கு முந்தின ரயிலைப் பிடித்து, விடிந்தும் விடியாமலும் வந்து ஆபீஸ் படியில் உட்கார்ந்திருப்பார். காவல்காரர் கதவைத் திறந்ததும் அவர் கையெழுத்துத்தான் முதலில் விழும். இப்படி வந்தால் மனசு மாறிக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நம்பியிருக்கவேண்டும். அந்தக் குண்டு எழுத்துக்களைப் பார்க்கப் பயந்துகொண்டு, எட்டு பத்துக்குப் புத்தகத்தை மூடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூடினேன்.

சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் மத்தியானம் தபால் கட்டுப் பக்கம் போனேன். வெளியில் வைத்து அவரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடலாம், அவரே பெரிய கிராணியிடம் போய்க் கேட்கட்டும் என்று ஒரு கோழை யோசனை. அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் சரக்கு இறக்குகிற இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம், மச்சினன் கேட்டுப் பார்க்கிறான் என்றார். முதுகு தாங்குமா என்றுதான் யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதப் பட்டியலில் குறிகளை ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணினேன். யாருக்கும் தெரியாமல் சரியான முறைக்கு மாறிக்கொண்டேன். அவருடைய அரை நாளைத் திருப்பிச் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கடைசி நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய கிராணி எழுந்து நின்று கைகூப்பினார். அவர் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். கடைசியாக அண்ணன் ரவாங்காரரைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அரக்குக் குச்சிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தோட்டத்து மூட்டையை முதலில் பிரிக்கவேண்டும் என்று நாள் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தன் இடத்தில் மிஞ்சியிருப்பவன் என்று அவர் மேல் துளி மனத்தாங்கல் இல்லை.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க" என்று ரவாங்காரரிடம் சொன்னார். "நீங்களும் ரயில்ல வர்ற ஆளு. லேட்டுக் குறிய ஒண்ணாந்தேதியில இருந்து எண்ணாதீங்க. நான் அப்படி எண்ணித்தான் ஏமாந்தேன். இருபத்தாறுல இருந்து எண்ணணும். பத்து வருஷம் இருந்தும் எனக்குத் தெரியல. தம்பிதான் சொல்லிக் குடுத்தாரு."

ரவாங்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். அண்ணனும் என் பக்கம் திரும்பி, தான் சொன்னதில் பிசகு இருந்துவிடக் கூடாதே என்கிற கவலையோடு, "சரிதானே தம்பி?" என்று கேட்டார்.

"சரிதான் அண்ணே" என்றேன்.